ஐப்பசி மழைக்கு முன் டிஸ்க்கைக் கழற்றுங்கள்

ஆயுத பூஜை நெருங்கும்போது தூத்துக்குடி, நாகப்பட்டினம், வடசென்னைப் பக்கமெல்லாம் ஒரு வேலை தவறாமல் நடக்கும். வண்டியைக் கழுவி, பிளாஸ்டிக் வீல் கப்பைக் கழற்றி, துருவேறிய இரும்பு டிஸ்க்கின் மேல் ஒரு டப்பா சில்வர் பெயிண்டை அடித்துவிடுவார்கள். பூஜையன்று பளிச்சென்று இருக்கும். இரண்டு மழை பெய்ததும் அதே இடத்தில் பெயிண்ட் கொப்புளித்து, உள்ளிருந்து செம்பழுப்புத் தண்ணீர் வழியத் தொடங்கும். பெயிண்ட் மட்டமானது என்று கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை. அடியில் அப்படியே விட்ட துருவும் உப்பும்தான் அதைத் தூக்கி எறிகின்றன.

முறையாகச் செய்ய இதுவே காலம். கடற்காற்று கொண்டுவந்து அப்பிய உப்பு டிஸ்க்கின் மேல் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை தொடங்க வழக்கமாக அக்டோபர் மூன்றாம் வாரம் ஆகிவிடும். காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தாண்டினால் பெயிண்ட் அடிக்கக் கூடாது. மழைக்காலத்தில் அப்படியான நாட்கள்தான் அதிகம் என்பதால், வேலையைச் செப்டம்பரிலேயே முடித்துக்கொள்வது நல்லது. சென்னைவாசிகள் மட்டும் மாலை இடிமழையைக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

உப்பளப் பக்கம் ஆறு வருடமாக ஓடும் ஒரு சின்னக் காரை எடுத்துக்கொள்வோம். 14 அங்குல இரும்பு டிஸ்க். முன்பக்க டயர் ஒன்றில் பத்து நாளைக்கு ஒருமுறை காற்று குறைகிறது. பஞ்சர் கடையில் தொட்டித் தண்ணீரில் முக்கிப் பார்த்தால் ஆணியும் இல்லை, ஓட்டையும் இல்லை. டயரின் உதடு டிஸ்க்கோடு ஒட்டும் விளிம்பில் சோப்புத் தண்ணீரை ஊற்றிச் சற்றுப் பொறுத்தால் பொடிப்பொடியாக நுரை கிளம்பும். அந்த விளிம்பின் உட்புறம் துரு ஏறிச் சொரசொரப்பாகிவிட்டது. காற்று அதன் வழியே கசிகிறது. இப்படிப்பட்ட டிஸ்க்கை டயரோடு வைத்து வெளியே மட்டும் பெயிண்ட் அடிப்பதில் அர்த்தமில்லை. டயரைக் கழற்றியே ஆக வேண்டும்.

கழற்றியதும் முதல் வேலை, இந்த டிஸ்க் தேறுமா என்று பார்ப்பது. போல்ட் ஓட்டைகளைச் சுற்றியும் காற்றோட்டத் துளைகளின் ஓரத்திலும் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துப் பார்க்க வேண்டும். கூரிய ஆணியால் குத்தினால் இரும்பு ஏடு ஏடாகப் பெயர்ந்தாலோ, விரிசல் கண்ணில் பட்டாலோ, அந்த டிஸ்க் பழைய இரும்புக் கடைக்குத்தான். வெல்டு வைத்து ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம்.

தேறியதை முதலில் கழுவ வேண்டும். நல்ல தண்ணீரும் சோப்பும் போட்டு, நடுத்தட்டும் வளையமும் வெல்டில் சேரும் இடுக்கு வரை பிரஷ் விட்டுத் தேய்க்க வேண்டும். பலர் தாண்டிப்போகும் படி இது. கழுவாமல் உப்புத்தாளை எடுத்தால், மேலே இருக்கும் உப்பு இரும்பின் குழிகளுக்குள்ளேயே தேய்ந்து இறங்கும். பிறகு மேலே எத்தனை கோட் அடித்தாலும், அந்த உப்பு பெயிண்ட் வழியே ஈரத்தை இழுத்து நீர்க்கொப்புளம் கிளப்பும்.

நன்றாகக் காய்ந்த பிறகு, கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டி உதிரும் பெயிண்டையும் துருவையும் எடுக்கலாம். கண்ணாடியும் முகமூடியும் இல்லாமல் தொடக் கூடாது. அந்த பிரஷின் கம்பிகள் ஊசி போலப் பறந்து வரும். பிறகு 80 நம்பர் உப்புத்தாள், அடுத்து 180, கடைசியில் 320. பழைய பெயிண்ட் கெட்டியாகப் பிடித்திருக்கும் இடத்தை வெள்ளை இரும்பு தெரியும் வரை சுரண்டத் தேவையில்லை. அது முடிந்து இரும்பு தொடங்கும் ஓரத்தில் படிக்கட்டு போல மேடு இருக்கக் கூடாது, அவ்வளவுதான். கண்ணை மூடிக்கொண்டு விரல் நகத்தை ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்: நகம் தட்டினால் இன்னும் தேய்க்க வேண்டும்.

குழிகளுக்குள் கறுப்பாக ஒட்டியிருக்கும் துருவுக்கு பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு நீக்கியைத் தடவி, டப்பாவில் சொன்ன நேரம் விட்டு, சொன்னபடியே கழுவியோ துடைத்தோ எடுக்க வேண்டும். கடைசியில் தின்னர் நனைத்த துணியால் ஒரு துடைப்பு. அதன்பின் வெறும் கையால் தொடக் கூடாது. விரல் எண்ணெயே பெயிண்டைப் பிடிக்க விடாது. கடற்கரை ஊரில் தேய்த்த இரும்பு சில மணி நேரத்திலேயே மறுபடி மஞ்சளிக்கும் என்பதால், அன்றைக்கே பிரைமர் ஏற வேண்டும். ரெட் ஆக்சைடைவிட எபாக்ஸி பிரைமர் இங்கே நின்று பேசும்.

காலை பத்து மணிக்கு மேல், நிழலில் அடிப்பது நல்லது. அதிகாலையில் ஈரம் அதிகம். உச்சி வெயிலிலோ பெயிண்ட் பரவுவதற்குள் காய்ந்து சொரசொரக்கும். மெல்லிய கோட்டாக இரண்டு மூன்று, நடுவே டப்பாவில் போட்டிருக்கும் இடைவெளி. ஒரேயடியாகக் கனமாக அடித்தால் வழியும், உள்ளே காயாது. இரண்டு இடங்களில் மட்டும் பெயிண்ட் படியக் கூடாது: போல்ட் உட்காரும் கூம்புக் குழிகள், டிஸ்க் ஹப்போடு அழுந்தும் பின்முகம். அங்கே கனமான பூச்சு இருந்தால், ஓட ஓட அது நசுங்கி போல்ட் தளரும்.

டயரைக் கழற்றும் செலவு எப்படியும் ஆகிறதென்றால், நான்கையும் பவுடர் கோட்டிங்குக்குக் கொடுப்பதே லாபம். குறிப்பாக டயர் மாற்றும் சமயம் அதற்குத் தோதானது. நிலை மின்சாரத்தால் பவுடரை ஒட்டவைத்து, 180 முதல் 200 டிகிரி சூட்டில் அடுப்பில் உருக்குவார்கள். கைப் பெயிண்டைவிடப் பூச்சு கனமாகவும் உறுதியாகவும் வரும். ஆனால் கேட்டும் ஜன்னல் கிரில்லும் பூசும் பட்டறையில் கொடுக்கும்போது சிலவற்றைக் கேட்டுத் தெளிய வேண்டும். துருவை அமிலத் தொட்டியில் முக்கி எடுக்கிறார்களா, சாண்ட் பிளாஸ்டிங்கா? இந்த டிஸ்க்குக்கு பிளாஸ்டிங்தான் சரி. வெல்டு இடுக்கில் தங்கும் அமிலம் சரியாகக் கழுவப்படாவிட்டால், சில மாதம் கழித்துத் துருவாகக் கசியும். பவுடர் பாலியெஸ்டரா? வெறும் எபாக்ஸி பவுடர் வெயிலில் சுண்ணாம்பு பூத்துவிடும். போல்ட் குழிகளை மறைத்துப் பூசுவார்களா என்பதையும் சொல்லி வாங்க வேண்டும்.

பவுடருக்கும் ஒரு பலவீனம் உண்டு. ஜல்லி தெறித்து ஓரிடத்தில் உடைந்தால், துரு வெளியே தெரியாமல் பூச்சுக்கு அடியிலேயே ஊர்ந்து போகும். சின்னச் சிதறல் தெரிந்ததும் தேய்த்து டச்-அப் வைக்க வேண்டும். பேலன்சிங் கடையில் விளிம்பில் அடித்து மாட்டும் ஈயக் கட்டைகளும் இதே காயத்தைத்தான் உண்டாக்குகின்றன. உட்புறம் ஒட்டும் வகையைக் கேட்டு வாங்கலாம்.

புது வால்வு போட்டு, டயரை ஏற்றி, சோப்புத் தண்ணீர் சோதனையை மறுபடி செய்ய வேண்டும். கைப் பெயிண்ட் என்றால் குறைந்தது ஒரு நாள் முழுக்கக் காயவிட்டே போல்ட் பூட்டுவது. காரின் கையேட்டில் சொன்ன டார்க் அளவுக்கு, குறுக்கும் நெடுக்குமாக. 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் டார்க் ரெஞ்சால் நான்கு சக்கரத்தையும் இன்னொரு முறை சரிபார்க்க வேண்டும்.