குப்பைக்கிடங்கின் களிமண் அடுக்கு: 96 சதவீதம் போதுமா?

கேள்வி: விளப்பில்சாலை ஆலையால் எங்கள் ஓடைக்கு நேர்ந்தது மறக்கவில்லை. இப்போது வேறொரு கிடங்கில் களிமண் அடுக்கு போடுகிறார்கள். “மண் 96 சதவீதம் இறுகிவிட்டது, சொட்டு நீர் இறங்காது” என்கிறார் ஒப்பந்ததாரர். நம்பலாமா ஐயா?
— திருவனந்தபுரம் வாசகர்

பதில்: அந்த ஒரு எண்ணை மட்டும் வைத்து நம்பாதீர்கள். 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள் 1.5 மி.மீ. தடிமனுள்ள எச்.டி.பி.இ. விரிப்பையும், அதன் கீழே 90 செ.மீ. களிமண்ணையும் கேட்டன. அந்த மண்ணில் நீர் இறங்கும் வேகம் நொடிக்கு ஒரு சென்டிமீட்டரில் கோடியில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்றன. களிமண்மேல் 30 செ.மீ. கசிவுநீர் தேங்கினால், விரிப்பே இல்லாவிட்டாலும், ஒரு சதுர மீட்டரில் ஆண்டுக்குச் சுமார் 42 லிட்டர்தான் இறங்கும். ஆக, சொட்டு நீரும் இறங்காது என்பதே தவறு. ஆனால் மண்ணில் நீர் இறங்கும் வேகம் நூறு மடங்காக இருந்தால் அது 4,200 லிட்டர்.

இறுக்கம் வேறு, நீர் புகாமை வேறு. உதாரணத்துக்கு, ஆய்வகத்தில் ஒரு மண் 18 சதவீத ஈரத்தில் கன சென்டிமீட்டருக்கு 1.70 கிராம் என்ற உச்ச அடர்த்தியை எட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். களத்தில் 15 சதவீத ஈரத்தில் உருட்டினாலும் 1.64 வரும், 21 சதவீதத்தில் உருட்டினாலும் 1.64 வரும். இரண்டும் 96 சதவீதமே. முதலாவதில் காய்ந்த கட்டிகள் உடையாமல் நிற்கும், அவற்றின் இடுக்கு வழியே நீர் ஓடும். இரண்டாவதில் கட்டிகள் குழைந்து ஒன்றாகிவிடும். நீர் இறங்கும் வேகத்தில் இவற்றுக்கிடையே பத்து முதல் நூறு மடங்கு வித்தியாசம் வரலாம். எனவே அடர்த்தியோடு ஈரத்தின் அளவையும் கேளுங்கள். அது உச்ச அடர்த்திக்குரிய ஈரத்தைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்க வேண்டும். நம் செம்பாறை மண்ணில் பெண்டோனைட் கலக்கிறார்கள் என்றால், கலவை சீராக இருக்கிறதா என்பதும் முக்கியம்.

ஆய்வக அறிக்கையோடு நின்றுவிடாதீர்கள். களத்தில் அறைந்து எடுக்கும் சிறு குழாய் மாதிரியில் கட்டி இடுக்கும் விரிசலும் சிக்காமல் போகலாம். முதலில் அதே மண், அதே ரோலர், அதே எண்ணிக்கையில் ஓட்டங்கள் என ஒரு சோதனைத் திட்டு போட வேண்டும். அதன்மேல் இரட்டை வளைய நீரிறங்கு சோதனை நடக்கும். வெளி வளையம் சுமார் 3.6 மீட்டர் அகலம்; உள் வளையம் 1.5 மீட்டர். முடிவு வர வாரங்கள், சில வேளை மாதங்கள் ஆகும். அவசரத்தில் இதைத்தான் முதலில் கைவிடுவார்கள், விடாதீர்கள்.

திட்டு தேறினால், உண்மை அடுக்கு அதே முறையில் 15 செ.மீ. படிவங்களாக வருகிறதா என்று பார்ப்பது போதும். ஒவ்வொரு படிவத்தின் மேற்பரப்பையும் கீறிவிட்டு அடுத்ததைப் போட வேண்டும். இல்லாவிட்டால் நீர் இடைவெளியில் பக்கவாட்டில் ஓடிக் கீழே போக வழி தேடும். மாதிரி எடுத்த துளைகளை பெண்டோனைட்டால் அடைக்கிறார்களா என்றும் பாருங்கள். வெயிலில் ஒரு மதியம் திறந்து கிடந்தால் மேற்பரப்பு வெடிக்கலாம். விரிசல் தெரிந்தால் அந்தப் படிவத்தைப் பெயர்த்து, நனைத்து, மறுபடி உருட்டச் சொல்லுங்கள். அதற்குப் பிறகுதான் விரிப்பு வர வேண்டும்.