முதல் படமும் கடைசிப் படமும்: விதை முளைக்கும் காணொலியில் நான் செய்த திருத்தம்

ஆறாம் வகுப்பில் விதை முளைத்தலை நடத்தும்போது செயற்கை நுண்ணறிவால் உருவாக்கிய ஐந்து விநாடிக் காணொலி ஒன்றைத் திரையிட்டேன். மண்ணுக்குள் ஒரு பயறு, பிறகு அதிலிருந்து எழும் இளஞ்செடி. பார்க்க அழகாக இருந்தது. முடிந்ததும் ஒரு மாணவி எழுந்தாள். "டீச்சர், வேர்தான் முதல்ல வரும்னு சொன்னீங்க. இதுல இலைதானே முதல்ல வருது?" என்றாள்.

மீண்டும் ஓட்டிப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. விதையின் மேற்புறம் பிளந்து பச்சை இலை வெளியே வந்தது. செடி முழுதாக நின்ற பிறகுதான் கீழே வேர் தெரிந்தது. நான் பாடத்தில் சொன்னதை என் காணொலியே மறுத்துவிட்டது.

அந்தக் காணொலிக்கு நான் எழுத்தில் மட்டுமே கட்டளை கொடுத்திருந்தேன். எங்கே தொடங்குவது, எங்கே முடிப்பது, நடுவில் என்ன நடக்க வேண்டும் என்ற மூன்றையும் கருவியே தீர்மானித்துக்கொண்டது. இப்போது பல காணொலிக் கருவிகளில் இரண்டு படங்களைக் கொடுக்கும் வசதி இருக்கிறது. திரையில் Start frame, End frame என்றோ First frame, Last frame என்றோ இரு கட்டங்கள் இருக்கும். முதல் கட்டத்தில் இடும் படத்தில் காணொலி தொடங்கும். இரண்டாவதில் இடும் படத்தில் வந்து நிற்கும்.

இந்த வசதி கிடைத்ததும் விதையின் படத்தைத் தொடக்கத்திலும், இலை விரிந்த செடியின் படத்தை முடிவிலும் வைத்தேன். இரு முனைகளும் சரியாக அமைந்தன. நடுப்பகுதி மட்டும் தவறாகவே இருந்தது. விதை மங்கி, அதே இடத்தில் செடி தெளிந்தது. இரண்டு படங்களுக்கும் இடையே தூரம் அதிகமானால் கருவி வளர்ச்சியைக் காட்டுவதில்லை. ஒன்றை மற்றொன்றாக உருமாற்றிவிடுகிறது. இரு முனைகளை மட்டுமே நாம் கட்டிப்போடுகிறோம். இடைப்பட்டதெல்லாம் அதன் ஊகம். எனவே ஊகத்துக்கு விடும் இடைவெளியைக் குறைப்பதே வழி என்று தோன்றியது.

ஏழு நாள், ஏழு படம்

ஒரு கண்ணாடித் தம்ளரின் உட்புறம் ஈரத்தாளைச் சுற்றி வைத்தோம். இரவு முழுவதும் ஊறிய தட்டைப்பயறு ஒன்றைத் தாளுக்கும் கண்ணாடிக்கும் இடையில் செருகினோம். தம்ளர் இருக்கும் இடத்தை மேசையில் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டோம். தம்ளர் திரும்பிவிடாமல் இருக்க அதன் விளிம்பிலும் மேசையிலும் ஒரு கோடு போட்டோம். எதிரே ஒரு முக்காலியில் கைப்பேசியைப் படுக்கைவாட்டில் நிறுத்தி, அதன் இடத்தையும் குறித்துக்கொண்டோம். ஏழு நாளும் காலை வழிபாட்டுக் கூட்டம் முடிந்தவுடன் ஒரு படம் எடுத்தோம்.

இவ்வளவு கவனம் ஏன்? இரு படங்களுக்கும் உள்ள எல்லா வேறுபாடுகளையும் கருவி அசைவாக மாற்றிவிடும். ஒத்திகையில் எடுத்த இரு படங்களில் தம்ளர் சிறிது திரும்பியிருந்தது. காணொலியில் தம்ளரே சுழன்றது. ஒரு படம் கொஞ்சம் அருகிலிருந்து எடுக்கப்பட்டிருந்தது. கேமரா முன்னோக்கி நகர்ந்தது. வேர் மட்டும் அசைய வேண்டுமென்றால், வேரைத் தவிர எல்லாம் இரு படங்களிலும் ஒன்றாக இருக்க வேண்டும். படங்களின் நீள அகல விகிதமும் ஒன்றாகவே இருக்க வேண்டும். நான் எல்லாவற்றையும் 16:9 அளவில் வெட்டிக்கொண்டேன். வெட்டிய இடமும் எல்லாப் படங்களிலும் ஒன்றே.

ஒற்றைப்படை நாள் கருவிக்கு, இரட்டைப்படை நாள் எனக்கு

1, 3, 5, 7 ஆகிய நாள்களின் படங்களை மட்டும் கருவிக்குக் கொடுத்தேன். முதல் துண்டு 1-இலிருந்து 3 வரை, இரண்டாவது 3-இலிருந்து 5 வரை, மூன்றாவது 5-இலிருந்து 7 வரை. ஒவ்வொன்றும் ஐந்து விநாடி. கட்டளையில் படத்தில் இருப்பவற்றை விவரிக்கவில்லை. அவை கருவிக்கே தெரியும். எது, எந்தத் திசையில் நகர வேண்டும் என்பதை மட்டும் எழுதினேன். முதல் துண்டுக்கான கட்டளை இது:

```
Static camera. The white root tip comes out of the seed
and grows downward. Slow time-lapse, no cuts.
```

2, 4, 6 ஆகிய நாள்களின் படங்களைக் கருவிக்குக் காட்டவே இல்லை. அவை சரிபார்ப்பதற்கு. துண்டு தயாரானதும் அதை நடுவில் நிறுத்தி, அந்த நாளின் உண்மைப் படத்தை அருகில் வைத்துப் பார்த்தோம். வளர்ச்சி ஒரே வேகத்தில் நடப்பதில்லை. ஆகவே அளவு ஒத்துப்போக வேண்டும் என்று எதிர்பார்க்கவில்லை. உறுப்புகள் வரும் வரிசை ஒத்துப்போகிறதா என்று மட்டும் பார்த்தோம்.

முதல் துண்டில் வேர் நுனி கீழ்நோக்கி வந்தது. இரண்டாம் நாள் படமும் அதையே காட்டியது. இரண்டாவது துண்டும் சரி: தண்டு கொக்கிபோல் வளைந்து விதையிலைகளைத் தூக்கியது. மூன்றாவதில் பிடிபட்டது. காணொலியில் விதையிலையின் வெளிப்பக்கத்தில் ஒட்டுப்போட்டதுபோல் இலைகள் தோன்றின. ஆறாம் நாள் படத்திலோ, விதையிலைகள் இரண்டும் விலகி, மடிந்த இலைகள் அவற்றின் நடுவிலிருந்து வெளிவந்துகொண்டிருந்தன. கேள்வி கேட்ட அதே மாணவிதான் இதைக் கண்டுபிடித்தாள்.

ஆறாம் நாள் படத்தையும் கொடுத்து, அந்தத் துண்டை 5–6, 6–7 என இரண்டாகப் பிரித்தேன். இலைகள் சரியான இடத்திலிருந்து வந்தன. ஆனால் அந்தப் பகுதியைச் சோதிக்க என்னிடம் வேறு படம் மிஞ்சவில்லை. அடுத்த முறை ஐந்தாம் நாளிலிருந்து காலை, மாலை என இருமுறை படமெடுக்க வேண்டும் என்று குறித்து வைத்திருக்கிறேன்.

துண்டுகளை இணைத்தல்

ஒரு துண்டின் முடிவும் அடுத்ததன் தொடக்கமும் ஒரே படம். இதற்கு நாம் எடுத்த மூலப் படத்தையே இரு இடத்திலும் பயன்படுத்த வேண்டும். முடிந்த காணொலியின் கடைசிக் காட்சியைத் திரைப்பிடிப்பாக எடுத்து அடுத்ததற்குக் கொடுத்தால், நிறமும் கூர்மையும் துண்டுக்குத் துண்டு சிறிது சிறிதாகக் கெடும். இணைக்கும் இடத்தில் செடி ஒரு நொடி தயங்கி நிற்பதுபோல் தெரிந்தால், ஒவ்வொரு துண்டின் இறுதியிலும் சில சட்டகங்களை வெட்டினால் போதும்.

'நாள் 3', 'நாள் 5' என்ற எழுத்துகளைப் படத்தில் எழுதிக் கொடுக்காதீர்கள். அசைவின்போது தமிழ் எழுத்துகள் உருக்குலையும். துண்டுகளை இணைத்தபின் தொகுப்புச் செயலியில் சேருங்கள். இந்த எழுத்து அவசியம் வேண்டும். ஒரு துண்டு இரண்டு நாளையும் மற்றொன்று ஒரே நாளையும் ஐந்து விநாடியில் காட்டுவதால், எழுத்து இல்லாவிட்டால் காலக்கணக்கு தவறாகப் பதியும்.

இப்போது காணொலியை ஓட்டும்போது, நாள் எழுத்து வரும் நான்கைந்து இடங்களில் நிறுத்தி, "இது நாம் எடுத்த படம்" என்று சொல்கிறேன். இடையில் ஓடுவது கணினி வரைந்தது என்பது பிள்ளைகளுக்குத் தெரியும். கடைசியாக, பயன்படுத்தாமல் வைத்திருந்த இரண்டாம், நான்காம் நாள் படங்களை அவர்கள் கையில் கொடுத்துவிடுகிறேன். காணொலியில் தவறு தேடும் வேலை அவர்களுடையது.