மல்லாட்டையின் விழுதும் விதையின் உறக்கமும்

தென்னாற்காட்டுப் பக்கத்தில் நிலக்கடலையை மல்லாட்டை என்று சொல்லுவது வழக்கம். திண்டிவனத்திலுள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் இப்பயிருக்காகவே பெயர்பெற்றது. டி.எம்.வி. என்ற எழுத்துக்களுடன் வழங்கும் கடலை ரகங்கள் யாவும் அவ்வூரின் பெயரைத்தான் தாங்கி நிற்கின்றன. 1940-ல் வெளியான டி.எம்.வி. 2 என்ற கொத்துக்கடலை அவற்றுள் மிகப் பரவலாகப் பயிரிடப்பட்ட ஒன்று. இக்கடலைச் செடியைக் கூர்ந்து கவனித்தால் விந்தையான ஒரு செய்தி புலனாகும். அதன் தண்டு வெளிச்சத்தை நாடி மேலே செல்கிறது. அதே செடியின் விழுது வெளிச்சத்தை விட்டு மண்ணுக்குள் இறங்குகிறது. ஒரே செடி இவ்விரண்டு திசைகளிலும் எவ்வாறு செல்கிறது என்பதை முதலில் பார்ப்போம்.

தாழ்வாரத்தில் ஜன்னலுக்கு அருகே வைத்த சட்டியில் முளைத்த பயிர் இரண்டொரு நாளில் ஜன்னல் பக்கம் சாய்ந்துவிடுவதை எல்லோரும் கண்டிருப்போம். வெளிச்சம் செடியைக் கயிறு கட்டி இழுப்பதில்லை. சாய்வதற்குக் காரணம் செடியின் உள்ளேயே இருக்கிறது. இதை முதன்முதலில் ஒழுங்காக ஆராய்ந்தவர் சார்லஸ் டார்வின். அவரும் அவர் மகன் பிரான்சிஸும் புல்லின் இளமுளைகளை எடுத்து, சிலவற்றின் நுனிக்கு மட்டும் ஒளி புகாத சிறு குல்லாய் மாட்டினார்கள். குல்லாய் மாட்டிய முளைகள் வளையவில்லை. நுனியைத் திறந்து வைத்து, கீழ்ப்பகுதியை மட்டும் மூடிய முளைகள் வளைந்தன. ஒளியை உணர்வது நுனி, ஆனால் வளைவதோ அதற்குக் கீழேயுள்ள பகுதி. ஆகவே நுனியிலிருந்து ஏதோ ஒரு செய்தி கீழே போகவேண்டும் என்று 1880-ல் அவர்கள் எழுதிவைத்தார்கள்.

அந்தச் செய்தி ஒரு பொருள்தான் என்பதை 1920களில் ஹாலந்து தேசத்து வெண்ட் என்பவர் காட்டினார். அவர் ஓட்ஸ் முளைகளின் நுனியை வெட்டி, கடற்பாசியிலிருந்து செய்த பாகுத் துண்டின்மேல் சிறிது நேரம் வைத்திருந்தார். பின்பு நுனியை எறிந்துவிட்டு, அந்தத் துண்டை நுனியில்லாத முளையின்மேல் ஒருபக்கமாக ஒட்டி இருட்டில் வைத்தார். வெளிச்சமே இல்லாதபோதும் முளை வளைந்தது. துண்டு ஒட்டிய பக்கம் அதிகமாக நீண்டு, மறுபக்கமாகச் சாய்ந்தது. நுனியிலிருந்து துண்டுக்குள் இறங்கிய அப்பொருளுக்கே ஆக்சின் என்று பெயர் வந்தது.

இப்போது ஜன்னலோரச் சட்டிக்குத் திரும்புவோம். ஒருபக்கமிருந்து வெளிச்சம் விழும்போது, நுனியில் உண்டாகும் ஆக்சின் வெளிச்சமில்லாத பக்கத்துக்கு ஒதுங்குகிறது. ஆக்சின் மிகுந்த இடத்தில் உயிரணுக்களின் சுவர் இளகிக்கொடுக்கிறது. உள்ளேயிருக்கும் நீரின் அழுத்தத்தால் அவை நீளமாக விரிகின்றன. நிழல்பக்கம் நீண்டு, ஒளிபக்கம் பின்தங்குவதால், தண்டு ஒளியை நோக்கிச் சாய்கிறது. மாட்டு வண்டியில் வலப்பக்கத்து மாடு எட்டிப்போட்டு, இடப்பக்கத்து மாடு தயங்கினால் வண்டி இடப்பக்கம் திரும்புவதைப் போன்றதே இது.

விழுதின் கதை இதைவிடச் சுவையானது. விதைத்த 25, 30 நாட்களில் கடலை பூக்கத் தொடங்குகிறது. கருவுற்ற சில நாட்களுக்குள் பூவின் அடியிலிருந்து கூர்மையான விழுது கிளம்பி, கருவைத் தன் நுனியில் சுமந்துகொண்டு நிலத்தை நோக்கி வளைகிறது. அமைப்பைப் பார்த்தால் இது வேரன்று, தண்டின் இனத்தைச் சேர்ந்ததே. ஆனால் நடத்தையோ வேருடையது. படுக்கையாக வைத்த சாதாரணத் தண்டில் ஆக்சின் கீழ்ப்பக்கம் திரளுவதால், கீழ்ப்பக்கம் நீண்டு தண்டு மேலே நிமிரும். கடலை விழுதைப் படுக்கையாக வைத்தாலோ, ஆக்சின் மேல்பக்கம் திரளுகிறது என்று 1999-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி காட்டியது. மேல்பக்கம் நீளுவதால் நுனி பூமிக்குத் தாழ்கிறது. பொருள் ஒன்றே, அது ஒதுங்கும் பக்கம்தான் வேறு.

இதனால் விவசாயிக்கு என்ன பயன் என்று கேட்கலாம். விழுது எவ்வளவு தூரமும் நீளக்கூடியதன்று. நிலத்திலிருந்து சுமார் 15 சென்டிமீட்டருக்கு மேலே உண்டான பூவின் விழுது பெரும்பாலும் மண்ணை எட்டுவதற்குள் நுனி காய்ந்துபோகும். மண்ணுக்குள் போய் இருட்டை அடைந்தாலன்றிக் கரு வளர்ந்து காயாவதும் இல்லை. விதைத்த 40 முதல் 45 நாட்களில் ஜிப்சம் இட்டு மண் அணைப்பது இதனாலேயே. இறவைப் பயிருக்கு எக்டருக்கு 400 கிலோ ஜிப்சம் சிபார்சு செய்யப்படுகிறது. காய்க்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தை வேர் அனுப்பிவைப்பதில்லை, காயே தன் ஓட்டின் வழியாக மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளவேண்டும். விழுது இறங்கியபின் களைக்கொத்தியை உள்ளே விட்டால், வந்த காயையும் அறுத்தவர்களாவோம். எனவே களையெடுப்பை மண் அணைப்போடு முடித்துவிடவேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. கரும்பிலும் நெல்லிலும் அகன்ற இலைக் களைகளுக்குத் தெளிக்கும் 2,4-டி என்ற மருந்து, செயற்கையான ஆக்சினேயாகும். அளவுக்கு மிஞ்சிய ஆக்சினால் களை தாறுமாறாக முறுக்கிக்கொண்டு சாகிறது. கரும்புக்கு அடித்த தெளிப்பானைச் சரியாகக் கழுவாமல் கடலைக்குப் பூச்சிமருந்து அடித்தாலும், காற்று வீசும்போது பக்கத்து வயலில் அடித்தாலும், கடலையும் அவ்வாறே முறுக்கிக்கொள்ளும். இலைக்காம்பு வளைந்து, இலை சுருங்கி, தண்டு திருகினால் அதை நோயென்று எண்ணி மருந்தின்மேல் மருந்து வாங்கும் முன், தெளிப்பானைப்பற்றி விசாரிப்பது நலம்.

ஜிப்பரெல்லின் என்ற இரண்டாவது பொருளைக் காண ஏரிப் பாசன நெல்வயலுக்குப் போகவேண்டும். நாற்றங்காலில் சில நாற்றுகள் மட்டும் மற்றவற்றைவிட உயரமாக, மெலிந்து, வெளிர்மஞ்சளாக நிற்கும். நல்ல வாளிப்பான நாற்று என்று மகிழ்ந்துவிடக் கூடாது. அது நோய். ஜப்பான் விவசாயிகள் இதற்கு ‘மூட நாற்று’ என்று பெயர் வைத்திருந்தார்கள். 1926-ல் குரோசாவா என்பவர், இந்நோயை உண்டாக்கும் பூசணத்தை வளர்த்த நீரை வடிகட்டி, பூசணம் இல்லாத அந்த வடிநீரை மட்டும் நாற்றில் இட்டபோதும் அது நெடுநெடுவென்று வளர்வதைக் கண்டார். அந்த நீரிலிருந்த பொருளே ஜிப்பரெல்லின். பூசணம் மட்டுமன்றி எல்லாப் பயிர்களும் தமக்கு வேண்டிய அளவில் அதைத் தாமே செய்துகொள்கின்றன என்பது பின்னால் தெரிந்தது. ஆக்சின் ஒரு பக்கத்தை நீட்டி வளைக்கிறது. ஜிப்பரெல்லின் கணுக்களின் இடைவெளி முழுவதையும் நீட்டுகிறது. 1966-ல் வந்த ஐ.ஆர். 8 போன்ற குட்டை நெல் ரகங்கள் குட்டையாக இருப்பதற்குக் காரணம், அவற்றின் தண்டில் ஜிப்பரெல்லின் குறைவாக உண்டாவதே. அதனால்தான் உரமிட்டாலும் அவை சாய்வதில்லை. நோய் கண்ட நாற்றுகளைப் பிடுங்கி எரித்துவிடவேண்டும். அவ்வயலிலிருந்து விதைநெல் எடுக்கலாகாது, பூசணம் விதையோடு போகும்.

மூன்றாவதான எத்திலீன் ஒரு வாயு. வாழைத்தாரை மூடிய அறையில் வைத்துப் புகைபோட்டுப் பழுக்கவைப்பது நெடுநாளைய வழக்கம். அப்புகையிலுள்ள எத்திலீனே அந்த வேலையைச் செய்கிறது. பழுக்கும் பழமும் தானாகவே இவ்வாயுவை விடுகிறது என்பது 1934-ல் நிலைநாட்டப்பட்டது. ஒரு பழம் பழுத்தால் கூடை முழுவதும் பழுப்பது இதனால்தான். கார்பைடுக் கல்லிலிருந்து வரும் வாயு எத்திலீனைப்போல் நடிப்பது. அதில் நஞ்சு கலந்திருப்பதால் சட்டம் அதைத் தடுத்திருக்கிறது.

ஆனால் நம் கடலை விவசாயிக்கு எத்திலீன் பழத்தைவிட விதையில்தான் அதிகம் வேண்டியிருக்கிறது. ஆடியில் மானாவாரியாக விதைத்த கொத்துக்கடலை ஏறக்குறைய 105 நாட்களில், ஐப்பசி மழையின் வாயிலில் முற்றுகிறது. கொத்துக்கடலைக்கு விதை உறக்கம் அநேகமாக இல்லை. அறுவடை தள்ளி மழை பிடித்துக்கொண்டால், பிடுங்கும்போது காய்க்குள்ளேயே முளை நீண்டிருக்கும். விழுப்புரம் விற்பனைக் கூடத்துக்கு அதைக் கொண்டுபோனால் விலை எப்படியிருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. கொடிக்கடலையும் அடர்கொத்து இனங்களும் இதற்கு நேர்மாறு. அவற்றின் விதை இரண்டு மூன்று மாதங்கள்கூட உறங்கும். மழையில் முளைக்காது, ஆனால் அதே விதையை மார்கழிப் பட்டத்துக்குப் போட்டால் வயல் சொட்டைசொட்டையாக வரும்.

இந்த வேற்றுமைக்குள் எத்திலீன் இருக்கிறது. உறக்கமில்லாத கடலை நீர் குடித்து முளைவிடும்போது எத்திலீனைத் தாராளமாக வெளிவிடுகிறது. உறங்கும் விதை மிகச் சிறிதளவே விடுகிறது. வெளியிலிருந்து அவ்வாயுவைக் கொடுத்தால் உறங்கும் விதையும் விழித்துக்கொள்ளும் என்று 1969-ல் அமெரிக்காவில் கண்டறியப்பட்டது. கடைகளில் எத்ரல் என்று விற்கும் எத்திபான் மருந்து இதற்கு உதவுகிறது. புட்டியில் அது புளிப்பான நீராக அமைதியாயிருக்கும். விதைக்குள் சென்று புளிப்புக் குறைந்ததும் சிதைந்து எத்திலீனை விடும்.

விதையை வாங்குமுன், அல்லது விதைக்குமுன், ஒரு சோதனை செய்து பார்க்கவேண்டும். 100 பருப்பை எண்ணி எடுத்து, ஈரச் சாக்கில் சுருட்டி, 10 நாள் ஈரம் வற்றாமல் வைத்திருப்போம். 30 பருப்பு முளைத்தது, 8 பருப்பு பூசணம் பிடித்து அழுகியது, 62 பருப்பு ஊறி, கெட்டியாக, கெடாமல் அப்படியே கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு முப்பதே முளைப்பு என்று அந்த விதையை எண்ணெய் ஆட்ட அனுப்பிவிடுவது அவசரம். அழுகியது செத்த விதை, கெட்டியாகக் கிடப்பது உறங்கும் விதையாக இருக்கக்கூடும். அதே மூட்டையிலிருந்து இன்னொரு 100 பருப்பை எடுத்து, வேளாண்மை விரிவாக்க மையத்தில் அளவு கேட்டுக் கலந்த எத்ரல் நீரைத் தெளித்து, பாலிதீன் தாளால் காற்று புகாமல் மூடி ஒரு நாள் வைத்துப் பின் முளைக்கவிடவேண்டும். 85 முளைத்தால் விதை நல்லதே, உறக்கத்தைக் கலைத்து விதைக்கலாம். மறுபடியும் 30-லேயே நின்றால் அது உறக்கமன்று, வலுவிழந்த விதை. விதைக் கடலைக்கு 70 விழுக்காடு முளைப்பு இருக்கவேண்டும் என்பது விதிமுறை.

மூடாமல் வைத்தால் வாயு பறந்துவிடும், செய்த செலவும் வீண். காரம் மிகுந்த கிணற்று நீரில் கலந்தால் மருந்து விதையை அடையுமுன்பே வாயுவாகிப் போய்விடும். ஆகவே நல்ல நீரில், வேண்டிய போது வேண்டிய அளவே கலக்கவேண்டும். நேற்றுக் கலந்து மீந்ததை இன்று எடுப்பதில் பயனில்லை. உறக்கம் கலைத்த விதையைத் திரும்பவும் மூட்டைகட்டி வைக்க இயலாது, நிலம் உழுது ஈரம் தயாரான பின்பே இவ்வேலையைத் தொடங்கவேண்டும். ஐப்பசி மழையில் அறுவடை வரும் நிலங்களுக்கு, இரண்டு மூன்று வாரம் மட்டும் உறங்கும் கொத்து ரகம் ஏதேனும் கிடைக்குமா என்பதைப் பட்டத்துக்கு முன்பே திண்டிவனம் நிலையத்தில் விசாரிக்கலாம். அத்தகைய ரகம் கிடைத்தால் இம்மருந்தே வேண்டியதில்லை.