ஒரே ஆள் நிரப்பிய வினாத்தாள்: சாய்வைச் சமாளிக்க நான்கு வழிகள்

இருநூறு செவிலியர்களிடம் ஒரு வினாத்தாள் கொடுக்கிறீர்கள். மேற்பார்வையாளர் தரும் ஆதரவு, வேலையில் மனநிறைவு, தன் பணித்திறன் என மூன்றையும் ஒரே செவிலியர் ஒரே உட்காரலில் ஐந்து புள்ளி அளவுகோலில் நிரப்புகிறார். இரவு ஷிப்ட் முடிந்த அலுப்பில் வரிசையாக ‘4’ஐ டிக் அடித்துக்கொண்டே போகிறார். "மேற்பார்வையாளர் என் குறைகளைக் கேட்பதே இல்லை" என்ற கேள்விக்கும் 4தான். அன்றைய மனநிலை, நல்ல பெயர் வாங்கும் ஆசை, எதற்கும் ‘ஆம்’ சொல்லும் பழக்கம் எல்லாம் மூன்று மாறிகளுக்குள்ளும் சேர்ந்தே நுழைந்துவிடுகின்றன. அவற்றுக்கிடையே தெரியும் ஒட்டுறவில் ஒரு பகுதி இப்படி வந்ததாக இருக்கலாம். இதுதான் பொது முறைச் சாய்வு. இது பெரும்பாலும் உறவைக் கூட்டிக்காட்டும். சில நேரம் குறைத்தும் காட்டும்.

இதைச் சமாளிக்க ஆய்வு மாணவர்கள் கையாளும் வழிகள் நான்கு.

1. ஹார்மன் ஒற்றைக் காரணிச் சோதனை

எல்லாக் கேள்விகளையும் காரணிப் பகுப்பாய்வில் போட்டு, முதல் காரணி 50 சதவீதத்துக்குக் கீழே விளக்கினால் ‘சாய்வு இல்லை’ என்று எழுதிவிடுவது வழக்கம். செலவே இல்லாத வழி என்பதால் ஆய்வேடுகளில் அதிகம் தென்படுவதும் இதுதான். ஆனால் பல மாறிகளை அளக்கும் வினாத்தாளில் ஒரே காரணி பாதிக்கு மேல் விளக்குவது அரிது. ஆகவே கணிசமான சாய்வு இருந்தாலும் சோதனை ‘பாஸ்’ ஆகிவிடும். மேலும் இது சாய்வை நீக்குவதும் இல்லை. பொட்சகாஃபும் கூட்டாளிகளும் 2003இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையே இதன் போதாமையைச் சுட்டியது. இதை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

2. குறி மாறி

ஆய்வுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு மாறியை அதே அளவுகோலில் சேர்த்துக் கேட்பது இது. உதாரணம், நீல நிறம் எவ்வளவு பிடிக்கும் என்பது. இதற்கும் மேற்பார்வையாளருக்கும் இயல்பான தொடர்பு இல்லை. இருந்தும் ஒட்டுறவு வந்தால், அது முறையால் வந்தது என்று கொள்ளலாம். லிண்டெல், விட்னி இருவரும் 2001இல் தந்த சூத்திரம்:

```
r_adj = (r - r_M) / (1 - r_M)
```

நம் செவிலியர் ஆய்வில் மற்ற மாறிகளோடு குறி மாறிக்கு உள்ள ஒட்டுறவு, அதாவது r_M, 0.15 என்று வைத்துக்கொள்வோம். ஆதரவுக்கும் மனநிறைவுக்கும் கிடைத்த 0.42, திருத்தியபின் 0.32 ஆகிறது, உறவு நிற்கிறது. ஆதரவுக்கும் பணித்திறனுக்கும் கிடைத்த 0.21 வெறும் 0.07 ஆகிறது. இருநூறு பேரில் 0.21 முக்கியத்துவம் பெறும், 0.07 பெறாது. கருதுகோள் அங்கேயே விழுந்துவிடுகிறது.

குறி மாறியை வினாத்தாள் அச்சாகும் முன்பே தேர்ந்தெடுக்க வேண்டும். தரவு வந்தபின் ஒட்டுறவு குறைந்த ஏதோ ஒரு மாறியைப் பிடித்து ‘இதுதான் குறி’ என்பது தற்செயலை நம்புவதாகும். தவிர, சாய்வு எல்லா மாறிகளையும் சமமாகத் தாக்குகிறது என்று இந்தச் சூத்திரம் கருதிக்கொள்கிறது. உண்மையில் அப்படி இருக்கவேண்டியதில்லை.

3. கால இடைவெளி

ஆதரவை இன்று கேட்டு, மனநிறைவைச் சில வாரம் கழித்துக் கேட்கலாம். அன்றைய மனநிலையும் முந்தைய பதிலின் நினைவும் விலகும். ஆனால் எப்போதும் ‘ஆம்’ சொல்பவர் அப்போதும் ‘ஆம்’ என்றே சொல்வார். இரண்டாம் சுற்றில் பலர் காணாமல் போவார்கள். அதிருப்தியில் இருப்பவர்களே அதிகம் விலகினால் வேறொரு சாய்வு வந்து சேரும். பெயர் கேட்காமல் இரு தாள்களையும் இணைக்க, அம்மா பெயரின் முதல் இரண்டு எழுத்தோடு போன் எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் போன்ற ரகசியக் குறி போதும்.

4. வேறொருவரிடமிருந்து தரவு

பணித்திறனை மேற்பார்வையாளரிடம் கேளுங்கள். விடுப்பு நாட்களை வருகைப் பதிவேட்டிலிருந்து எடுங்கள். காரணமும் விளைவும் வெவ்வேறு வாயிலிருந்து வருவதால் நான்கில் வலுவான வழி இதுவே. சிக்கல்களும் உண்டு. ஒரே மேற்பார்வையாளர் இருபது பேரை மதிப்பிட்டால் அந்த இருபது மதிப்பெண்களும் ஒன்றையொன்று சாராதவை அல்ல. பல்நிலைப் பகுப்பாய்வு தேவைப்படும். எல்லா மாறிக்கும் இது பொருந்தவும் பொருந்தாது. ஒருவரின் மனநிறைவு அவருக்குத்தான் தெரியும். அதை மேற்பார்வையாளரிடம் கேட்டால் கிடைப்பது அவருடைய ஊகம்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

ஒவ்வொரு மாறியையும் எடுத்து, ‘இது யாருக்கு நன்றாகத் தெரியும்?’ என்று கேளுங்கள். பிறர் பார்க்கக்கூடியது என்றால் நான்காம் வழி. பதில் தருபவருக்கு மட்டுமே தெரிந்தது என்றால் மூன்றாம் வழி. ஒரே சுற்றுக்குத்தான் அனுமதி என்றால் குறி மாறியை முதலிலேயே சேர்த்துவிடுங்கள், கேள்விகளைத் தனித்தனிப் பகுதிகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள், தாளில் பெயர் கேட்காதீர்கள். இந்த முடிவுகளை வினாத்தாள் அச்சுக்குப் போவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். தரவு கைக்கு வந்தபின் மிஞ்சுவது பெரும்பாலும் ஹார்மன் சோதனைதான்; வைவாவில் அது உங்களைக் காப்பாற்றாது.