"பாக்கலாம்பா" என்ற பதிலை "சரி, பண்ணு" என்று மாற்றுவது எப்படி? ட்ரெயினிங் செலவை கம்பெனியிடம் கேட்கும் முறை



ஒரு கோர்ஸ் படிக்கணும்னு ஆசை. ஃபீஸ் கொஞ்சம் அதிகம். கம்பெனி கொடுத்தா நல்லா இருக்கும். உடனே நாம என்ன பண்ணுவோம்? டீ குடிக்கும்போது மேனேஜர்கிட்ட மெதுவா ஒரு வார்த்தை போட்டு வைப்போம்.

"சார், பவர் குவெரின்னு ஒரு கோர்ஸ் பார்த்தேன் சார். நம்ம வேலைக்கு யூஸ் ஆகும்னு நினைக்கிறேன். டைம் கிடைச்சா பாருங்க சார்."

அவரும் "பாக்கலாம்பா"ன்னு சொல்லிட்டுப் போயிடுவார். அவ்வளவுதான், கதை முடிஞ்சது. அவர் கெட்டவர் இல்ல. உங்களுக்குச் சரின்னு சொல்லணும்னா, அவர் தன்னோட மேலதிகாரிகிட்டயோ ஹெச்ஆர்கிட்டயோ போய்க் கேக்கணும். எவ்வளவு செலவு, எதுக்கு, கம்பெனிக்கு என்ன லாபம்னு அவங்க கேப்பாங்க. இந்த மூணுக்கும் உங்க டீக்கடைப் பேச்சுல பதில் இல்ல. அதை அவரே உக்காந்து தயார் பண்ணணும். யார் பண்ணுவா?

அதனால நாம எழுதப்போற கடிதத்துக்கு ஒரே ஒரு அளவுகோல்தான்: மேனேஜர் ஒரு வார்த்தைகூட மாத்தாம அப்படியே மேலே ஃபார்வர்ட் பண்ண முடியணும்.

ஒரு உதாரணத்தை வச்சே முழுசா பார்த்துடலாம்.

முதல்ல வேலையை அளந்து பாருங்க

கோயம்புத்தூர்ல பம்ப் உதிரிபாகம் செய்யற ஒரு கம்பெனியில நீங்க அக்கவுண்ட்ஸ் எக்ஸிகியூட்டிவ்னு வச்சுக்கலாம். மாசாமாசம் 14-ஆம் தேதி ஜிஎஸ்டி தளத்துல ஜிஎஸ்டிஆர்-2பி வந்துடும். சப்ளையர்கள் ஏத்தின பில்லெல்லாம் அதுல இருக்கும். அதை உங்க பர்ச்சேஸ் ரெஜிஸ்டரோட ஒப்பிட்டு, 20-ஆம் தேதிக்குள்ள 3பி ரிட்டர்ன் போடணும்.

இங்கதான் சிக்கல். சப்ளையர் "INV/0045"னு ஏத்தியிருப்பார், நீங்க "INV-45"னு என்ட்ரி போட்டிருப்பீங்க. ரெண்டும் ஒரே பில்தான். ஆனா VLOOKUP-க்கு அது தெரியாது, "இல்ல"ன்னு சொல்லிடும். அப்புறம் கண்ணால ஒவ்வொண்ணா தேடணும். எக்ஸெல்ல இருக்கற பவர் குவெரியில ஒரு தடவை இந்தச் சுத்தம் பண்ற வேலையை அமைச்சு வச்சுட்டா, அடுத்த மாசம் புது ஃபைலைப் போட்டு ரெஃப்ரெஷ் கொடுத்தா போதும்.

"நிறைய டைம் மிச்சமாகும் சார்"னு சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. ரெண்டு மாசம் நேரத்தைக் குறிச்சு வைங்க. நம்ம உதாரணத்துல இப்படி வருது: ஃபைலை இறக்கி ஒழுங்குபடுத்த 4 மணி நேரம், பில்லைப் பொருத்த 12 மணி நேரம், விடுபட்டதுக்கு சப்ளையர்கிட்ட பேச 4 மணி நேரம். மொத்தம் 20.

இதுல கோர்ஸால எது குறையும்? முதல் வேலை 1 மணி நேரம் ஆகலாம், ரெண்டாவது 3 ஆகலாம். சப்ளையர்கிட்ட பேசற 4 மணி நேரம் அப்படியேதான் இருக்கும், போன் பேசறதை எக்ஸெல் செய்யாது. ஆக 20 மணி நேரம் 8 ஆகுது, மிச்சம் 12. குறையாத வேலையையும் வெளிப்படையா எழுதுங்க. அதைப் பார்த்ததும் மத்த எண்கள் மேலயும் நம்பிக்கை வந்துடும்.

மிச்சமான நேரம் இன்னும் பணம் ஆகலை

பெரும்பாலான கோரிக்கைகள் இந்த இடத்துலதான் விழுது. உங்களுக்கு கம்பெனி செய்யற செலவு மாசம் 36,000 ரூபாய், வேலை நேரம் 180 மணின்னா, ஒரு மணி நேரத்துக்கு 200 ரூபாய். 12 மணி நேரம்னா 2,400 ரூபாய். கணக்கு சரிதான். ஆனா மேனேஜர் மனசுல ஒரு கேள்வி வரும்: "நேரம் மிச்சமானாலும் அதே சம்பளத்தைத்தானே கொடுக்கப் போறேன்?"

நியாயமான கேள்வி. அந்த 12 மணி நேரம் எங்கே போகும்னு நீங்க சொன்னாத்தான் அது பணம் ஆகும். அதுவும் அவர் ஏற்கெனவே கவலைப்படற ஒரு வேலையா இருக்கணும். ஒவ்வொரு ரிவ்யூ மீட்டிங்லயும் "60 நாள் தாண்டின கஸ்டமர் பாக்கியை ஏன் ஃபாலோ பண்ணலை?"ன்னு அவர் கேக்கறார். 14-லிருந்து 20 வரைக்கும் நீங்க 2பி-யில மூழ்கிக் கிடக்கறீங்க, அதனாலதான் பண்ணலை. இப்ப அந்த நேரத்தை அங்கே கொடுக்கறேன்னு எழுதுங்க.

இன்னொரு எச்சரிக்கை. போன மாசம் பில் பொருந்தாததால 85,000 ரூபாய் இன்புட் கிரெடிட்டை எடுக்காம விட்டு, அதை ரொக்கமா கட்டிட்டு, அடுத்த மாசம் எடுத்தீங்கன்னு வைங்க. "இந்தக் கோர்ஸால 85,000 மிச்சம்"னு எழுதத் தோணும். எழுதாதீங்க. அந்தப் பணம் தொலையலை, ஒரு மாசம் மாட்டிக்கிச்சு, அவ்வளவுதான். வங்கி ஓவர் டிராஃப்ட்டுக்கு வருஷம் 10 சதவீத வட்டின்னா, ஒரு மாசத்துக்கு சுமார் 700 ரூபாய்தான் உண்மையான நஷ்டம். ஃபைனான்ஸ்ல இருக்கறவர் இதை அஞ்சு நிமிஷத்துல கண்டுபிடிச்சுடுவார். அப்புறம் உங்க சரியான கணக்கையும் நம்ப மாட்டார்.

செலவை முழுசா காட்டுங்க

கோர்ஸ் ஃபீஸ் 15,000 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி 2,700, ஆக 17,700. பில் கம்பெனி பேர்ல, கம்பெனியோட ஜிஎஸ்டி நம்பரோட இருந்தா, பொதுவா அந்த 2,700-ஐ கம்பெனி இன்புட் கிரெடிட்டா எடுத்துக்கலாம். அப்ப கம்பெனிக்கு நிஜச் செலவு 15,000 தான். நீங்க உங்க பேர்ல பில் வாங்கிட்டு பின்னாடி ரீஇம்பர்ஸ்மென்ட் கேட்டீங்கன்னா இந்தச் சலுகை போயிடும். அதனால அனுமதி வர்றதுக்கு முன்னாடி பணம் கட்டாதீங்க.

வகுப்பு 6 சனிக்கிழமை, தலா 3 மணி நேரம். சனிக்கிழமையும் ஆஃபீஸ் நாள்னா 18 மணி நேர வேலை போகும். அதுக்கு 3,600 ரூபாய். யாரும் கேக்கறதுக்கு முன்னாடி இதையும் சேருங்க. மொத்தம் 18,600. மாசம் 2,400 வீதம் பார்த்தா, 8 மாசத்துல செலவு திரும்பிடும்.

இப்ப கடிதம்

ஆஃபீஸுக்கு நீங்க இங்கிலீஷ்ல அனுப்புவீங்க. அமைப்பு புரியறதுக்காக இங்க தமிழ்ல தர்றேன்.

> பொருள்: பவர் குவெரி பயிற்சிக்கு ரூ.15,000 + ஜிஎஸ்டி அனுமதி வேண்டி (25-ஆம் தேதிக்குள்)
>
> மதிப்பிற்குரிய ஐயா,
>
> 6 வார பவர் குவெரி பயிற்சிக்கு ரூ.15,000 + ஜிஎஸ்டி அனுமதிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். புதிய வகுப்பு அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை தொடங்குகிறது.
>
> தற்போதைய நிலை: 2பி ஒப்பீட்டுக்கு மாதம் 20 மணி நேரம் ஆகிறது (கடந்த இரண்டு மாதக் குறிப்பு இணைப்பில்). இதில் 12 மணி நேரம் பில் எண்களைக் கையால் பொருத்துவதில் போகிறது. இதனால் 14 முதல் 20-ஆம் தேதி வரை, 60 நாள் தாண்டிய பாக்கிகளைத் தொடர முடிவதில்லை.
>
> பயிற்சிக்குப் பிறகு: ஒப்பீடு 8 மணி நேரத்தில் முடியும் என்று எதிர்பார்க்கிறேன். மிச்சமாகும் 12 மணி நேரத்தைப் பாக்கி வசூலுக்கு ஒதுக்குவேன்.
>
> செலவு: வேலை நேரத்தையும் சேர்த்து ரூ.18,600. மிச்சமாகும் நேரத்தின் மதிப்பு மாதம் ரூ.2,400. சுமார் 8 மாதத்தில் ஈடாகும். கம்பெனி பெயரில் பில் பெற்றால் ஜிஎஸ்டி ரூ.2,700-க்கு இன்புட் கிரெடிட் எடுக்கலாம்.
>
> என் பொறுப்பு: பயிற்சி முடிந்த இரண்டாவது மாதத்தில், ஒப்பீட்டுக்கு ஆன நேரத்தைக் குறித்து அறிக்கை தருவேன். அந்த ஃபைலை டீமில் இன்னொருவருக்கும் கற்றுக்கொடுப்பேன்.

எவ்வளவு வேணும்ங்கறது முதல் வரியிலயே இருக்கறதைக் கவனிச்சீங்களா? "டைம் கிடைச்சா பாருங்க"ங்கற வார்த்தைக்குப் பதிலா ஒரு தேதி இருக்கு. "எனக்கு வளர்ச்சி, எனக்கு ஆர்வம்"னு எங்கயும் இல்ல. அது உண்மையா இருந்தாலும், மேலே கையெழுத்துப் போடறவருக்கு அது காரணம் ஆகாது.

வரக்கூடிய பதில்கள்

"பட்ஜெட் இல்லப்பா"ன்னு சொன்னா, அது பெரும்பாலும் "இந்த வருஷம் இல்ல"ன்னுதான் அர்த்தம். ஏப்ரல்ல ஆரம்பிக்கற நிதியாண்டுக்கு நிறைய கம்பெனிகள்ல ஜனவரி, பிப்ரவரியிலயே பட்ஜெட் போடுவாங்க. "அப்ப இந்த மெயிலை அடுத்த வருஷ லிஸ்ட்ல சேர்த்துடுங்க சார்"னு கேளுங்க. எண்ணோட எழுதி வச்சிருக்கறதால சேர்க்கறது சுலபம்.

"கத்துக்கிட்டு வேற கம்பெனிக்குப் போயிடுவே"ன்னு சொன்னா, உங்க கணக்கையே காட்டுங்க. 8 மாசத்துல செலவு திரும்புது. "அதுக்குள்ள போனா, மீதி மாசத்துக்கான ஃபீஸைத் திருப்பித் தர்றேன் சார்"னு சொல்லலாம். இந்தச் செலவுக்கு ரெண்டு வருஷ பாண்ட் கேட்டா, கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி இதே எண்ணை வச்சுப் பேசுங்க. எவ்வளவு தொகை, எத்தனை மாசம், மாசாமாசம் குறையுமா — மூணும் எழுத்துல இருக்கணும்.

கடைசியா, இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கும்போது செலவு திரும்ப மூணு வருஷம் ஆகும்னு வந்தா, அந்தக் கடிதத்தை அனுப்பாதீங்க. ஒண்ணு, குறைஞ்ச செலவுல அதே விஷயத்தைச் சொல்லித்தர்ற கோர்ஸைத் தேடுங்க. இல்லன்னா அது உங்களுக்கு மட்டும் பயன்படற படிப்புன்னு புரிஞ்சுக்கிட்டு, உங்க சேமிப்புலிருந்து கட்டலாமான்னு யோசிங்க. சம்பளக்காரர்களுக்கு அந்த ஃபீஸைச் செலவா காட்டி சம்பளத்துல கழிக்க வருமான வரியில வழி இல்ல. 17,700-ம் வரி கட்டின பிறகு கைக்கு வந்த பணத்துலிருந்துதான் போகும். கம்பெனிகிட்ட ஒரு பக்கம் எழுதிக் கேட்கறதுல எவ்வளவு பணம் இருக்குன்னு இப்ப தெரியுதா?