முன்பின் தெரியாதவரிடம் 15 நிமிடம் கேட்கும் மின்னஞ்சல்

பிளஸ் டூ தேர்வு எழுதிய மகளை அழைத்துக்கொண்டு ஒரு தந்தை நம் அலுவலகத்துக்கு வந்தார். காது கேட்கும் திறனைச் சோதித்து, பேச்சுப் பயிற்சியும் தரும் துறையில் சேர அந்தப் பெண்ணுக்கு ஆசை. அதற்கான பட்டப்படிப்பை பி.ஏ.எஸ்.எல்.பி. என்பார்கள். குடும்பத்திலோ தெருவிலோ அந்த வேலை பார்ப்பவர் யாரும் இல்லை. அதனால் ஒரு மருத்துவமனையின் துறைத் தலைவருக்கு மின்னஞ்சல் எழுதிக் கொண்டுவந்திருந்தார்கள்.

அதில் பொருள் என்ற இடம் காலியாக இருந்தது. குடும்பத்தின் கஷ்டம் ஒரு பத்தி, மதிப்பெண் ஒரு பத்தி, கடைசியில் "தாங்கள் தக்க வழிகாட்ட வேண்டுகிறேன்" என்ற ஒரு வரி. கூடவே பயோடேட்டா இணைப்பு. படிப்பவருக்கு இது உதவித்தொகை கேட்கும் கடிதமா, வேலை கேட்கும் கடிதமா என்று புரியாது. "வழிகாட்டுங்கள்" என்றால் எவ்வளவு நேரம், எதைப் பற்றி? பதில் எழுதவே அரை மணி நேரம் ஆகும் என்று தோன்றினால், அப்புறம் பார்க்கலாம் என்று விட்டுவிடுவார். அந்த அப்புறம் பெரும்பாலும் வருவதில்லை.

முதலில் ஆளை மாற்றினோம். துறைத் தலைவரைவிட, நாலைந்து வருடம் வேலை பார்த்தவருக்குப் படித்த காலம் நன்றாக நினைவிருக்கும். பதில் போடவும் நேரம் இருக்கும். அதே மருத்துவமனையின் இணையப் பக்கத்தில் அப்படி ஒருவரின் பெயரும் அலுவலக முகவரியும் கிடைத்தன. அவருடைய சொந்தக் கைபேசி எண்ணை யார் யாரிடமோ விசாரித்து வாங்குவதை நாம் செய்யவில்லை, நீங்களும் செய்யாதீர்கள். பிறகு அந்தப் பெண்ணே உட்கார்ந்து, தமிழிலேயே இப்படி எழுதினாள்:

"பொருள்: பேச்சுப் பயிற்சித் துறை பற்றி 15 நிமிடம் பேச வேண்டுகோள் – பிளஸ் டூ மாணவி

மதிப்பிற்குரிய மேடம், வணக்கம். நான் பிளஸ் டூ தேர்வு எழுதியிருக்கிறேன். பி.ஏ.எஸ்.எல்.பி. படிக்கலாமா என்று யோசிக்கிறேன். என் தம்பி காது கேட்கும் கருவி அணிபவன். அவனுடைய பயிற்சியில் கூட உட்கார்ந்துதான் இந்த ஆர்வம் வந்தது. நீங்கள் குழந்தைகளுக்குப் பயிற்சி தருவதை மருத்துவமனையின் இணையப் பக்கத்தில் பார்த்தேன். மருத்துவமனையில் வேலை செய்வதற்கும் கருவி விற்கும் நிறுவனத்தில் வேலை செய்வதற்கும் உள்ள வேறுபாட்டை உங்களிடம் கேட்க விரும்புகிறேன். அடுத்த இரண்டு வாரங்களில் உங்களுக்கு வசதியான ஒரு நேரத்தில் தொலைபேசியில் 15 நிமிடம் தர முடியுமா? முடியாவிட்டாலும் பரவாயில்லை."

கடைசியில் பெயர், ஊர். இணைப்பு எதுவும் இல்லை. கஷ்டத்தைச் சொல்லவில்லையே என்று வாப்பாவுக்குக் குறைதான். ஆனால் தம்பியைப் பற்றிய அந்த இரண்டு வரிகள்தான் இந்தக் கடிதத்தை மற்ற கடிதங்களிலிருந்து பிரித்துக் காட்டுகின்றன. இதே கடிதத்தைப் பெயரை மட்டும் மாற்றிப் பத்துப் பேருக்கு அனுப்பினால் அது உடனே தெரிந்துவிடும்.

ஒரு வாரம் பதில் இல்லை. நம் பிள்ளைகள் பலர் இங்கேதான் மனம் விட்டுவிடுகிறார்கள். எட்டாம் நாள், அதே கடிதத்தின் கீழேயே, "மேடம், பார்க்க நேரம் இல்லாமல் போயிருக்கலாம் என்று ஒருமுறை நினைவூட்டுகிறேன்" என்று ஒரு வரி எழுதச் சொன்னோம். ஒரே ஒரு முறைதான். அதற்கும் பதில் இல்லையென்றால் வேறு ஒருவருக்கு எழுத வேண்டும். அன்று மாலையே, சனிக்கிழமை நான்கு மணிக்குக் கூப்பிடச் சொல்லிப் பதில் வந்தது.

அதற்கு முன் கேள்விகளைச் சரிபார்த்தோம். படிப்பு எத்தனை வருடம், இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டுமா என்பவை முதலில் அவளுடைய பட்டியலில் இருந்தன. இவற்றைக் கல்லூரிக் கையேட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். பயிற்சி வருடத்தையும் சேர்த்து நான்கு வருடம், பதிவு கட்டாயம். அந்த வேலையில் இருப்பவரால் மட்டுமே சொல்லக்கூடிய நான்கு கேள்விகளை வைத்துக்கொண்டோம்: நேற்றைய நாள் காலையிலிருந்து எப்படிப் போனது? எந்தப் பகுதி சலிப்புத் தருகிறது? கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது எதைப் பார்க்க வேண்டும்? இன்னும் யாரிடம் பேசினால் நல்லது? சம்பளத்தை "உங்களுக்கு எவ்வளவு" என்று கேட்காமல், "புதிதாகச் சேர்பவர்களுக்கு ஏறக்குறைய என்ன கிடைக்கும்" என்று கேட்கலாம்.

உம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்க, அவள் பேசினாள். ஒரே சொல்லை ஒரு குழந்தையிடம் வாரக்கணக்கில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டிவரும் என்றார் அந்த மேடம். கருவி விற்கும் இடங்களில் மாதத்துக்கு இத்தனை விற்க வேண்டும் என்ற நெருக்கடி இருக்கும், அதைத் தெரிந்துகொண்டு சேர வேண்டும் என்றும் சொன்னார். கல்லூரியைப் பற்றிக் கேட்டபோது, அங்கே தினமும் எத்தனை நோயாளிகள் வருகிறார்கள் என்று விசாரிக்கச் சொன்னார். கட்டடத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம் என்றார்.

பதினான்காவது நிமிடத்தில், "நான் கேட்ட நேரம் முடியப்போகிறது மேடம்" என்று அவளே சொன்னாள். அவர் சிரித்துவிட்டு இன்னும் பத்து நிமிடம் பேசினார். இரவு, கல்லூரி பற்றிச் சொன்னது மிகவும் உதவியது என்று குறிப்பிட்டு மூன்று வரியில் நன்றி எழுதினாள். மறுநாள் வந்த பதிலில் இன்னொருவரின் பெயர் இருந்தது. அவருக்கான கடிதத்தை அவள் நம்மிடம் காட்டாமலே அனுப்பிவிட்டாள்.