பரமண்டல ஜெபம்: எட்டாம் வகுப்புக்கு எப்படிச் சொல்வது?

கேள்வி: கர்த்தர் கற்பித்த ஜெபத்தை என் மாணவர்கள் மனப்பாடமாக ஒப்பிக்கிறார்கள். ஆனால் எந்த வரி எதைக் கேட்கிறது என்று தெரியவில்லை. எப்படி விளக்குவது?
– ஞாயிறு பள்ளி ஆசிரியை, கட்டுகஸ்தோட்டை

பதில்: மத்தேயு 6:9-13ஐத் திறந்து வையுங்கள். பிதாவை அழைத்த பிறகு வரும் முதல் மூன்று விண்ணப்பங்களும் கடவுளுக்கானவை: அவருடைய பெயர் மதிக்கப்பட வேண்டும், அவருடைய ஆட்சி வர வேண்டும், அவருடைய விருப்பம் இங்கேயும் நடக்க வேண்டும். நமக்கான தேவைகள் அதன் பிறகுதான் வருகின்றன.

அப்பத்துக்கான வரி அன்றைய உணவை மட்டும் கேட்கிறது. கண்டியைச் சுற்றியுள்ள தோட்டங்களில் நாட்சம்பளத்தில் வாழும் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

மன்னிப்பு வரியில்தான் நிறைய நேரம் எடுங்கள். ஜெபம் முடிந்ததும் இயேசு திரும்பவும் விளக்குவது இதை மட்டுமே (6:14-15). மத்தேயு 18இல் உள்ள உவமையைக் கணக்காகவே போடலாம். ஒரு வேலைக்காரனுக்குப் பத்தாயிரம் தாலந்து கடன் தள்ளுபடியாகிறது. அவனோ நூறு தெனாரியத்துக்காகச் சக ஊழியனின் கழுத்தைப் பிடிக்கிறான். ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி; ஒரு தாலந்து ஏறக்குறைய ஆறாயிரம் நாள் கூலி. பெருக்கிப் பார்க்கட்டும்.

கடைசி இரண்டு வரிகளும் சோதனையில் விழாமல் காக்கவும் தீமையிலிருந்து மீட்கவும் கேட்கின்றன. கத்தோலிக்கப் பிள்ளைகள் அத்தோடு நிறுத்துவார்கள். மற்றவர்கள் புகழ்ச்சி வரியையும் தொடர்வார்கள். அந்த வரி பழைமையான கையெழுத்துப் பிரதிகளில் இல்லை. யாரையும் திருத்த வேண்டாம்.